விரலிடம் கொடுத்த கணக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் அப்பா கோர்ப்புக் கடை வைத்திருந்தார். ஆறடிக்கு நாலடி இடம், ஒரு முக்காலி, ஒரு சாய்வு மேசை, சுவர் முழுக்க நூல்கண்டுகள். நகைக்கடைகளிலிருந்து தாலிச்சரடும் முத்தும் பவளமும் கருகமணியும் கோர்க்க வரும். முகூர்த்த மாதங்களில் அதிலேயே பொழுது போய்விடும். ஆடியிலும் மார்கழியிலும் நகை வேலை குறையும்போதுதான் மற்ற மாலைகளைக் கையில் எடுப்பார். எலத்தகிரிப் பக்கமிருந்து வரும் செபமாலைகள், பேட்டையிலிருந்தே வரும் முஸ்லிம்களின் தஸ்பீஹ் மணிகள், காவேரிப்பட்டினத்திலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வரும் உருத்திராட்ச மாலைகள். மூன்றும் ஒரே தகர டப்பாவில் தனித்தனிக் காகிதப் பொட்டலங்களாக, மேலே பெயர் எழுதிக் காத்திருக்கும்.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். இப்போது கடை என் கையில். நாற்பது வருஷமாக மாலைகளைக் கோர்த்து வந்ததில் எனக்குப் புரிந்த ஒரே ஒரு விஷயத்தை இங்கே எழுதிவைக்க நினைக்கிறேன். மணியை எதற்காக எண்ணுகிறோம் என்பதுதான் அது. புண்ணியக் கணக்குக்கு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தப்பு என்று எனக்குக் காட்டியது என் கையால் நடந்த ஒரு பிழை.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பெரியவருடைய தஸ்பீஹ் அறுந்து வந்தது. நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். கரும்பழுப்பு மரமணி, 99. தஸ்பீஹில் 33 மணிக்கு ஒருமுறை வேறு வடிவத்தில் ஒரு தடுப்பு மணி வரும். இரண்டு தடுப்பு, மூன்று பாகம். இரண்டு முனையும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு மணி, அதற்குக் கீழே குஞ்சம். அந்த நீள மணியை இமாம் மணி என்பார்கள். அப்பா வெளியே போயிருந்தார். நானே கோர்த்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பாய் வந்தார். முகத்தில் கோபம் எதுவுமில்லை. மாலையை மேசைமேல் வைத்து, "தம்பி, முதல் பாகத்துல ஒண்ணு குறையுது பாரு" என்றார். எண்ணிப் பார்த்தேன். 32. ஒரு மணி மேசைக்கடியில் உருண்டு போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

"எண்ணிப் பாத்தீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"நான் ஏன்பா எண்ணப் போறேன்? எண்ணக் கூடாதுன்னுதானே மணி வெச்சிருக்கோம்."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் அன்றைக்கே சொன்னார். தொழுகை முடிந்ததும் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33. அதோடு நூறாவதாக ஒரு கலிமா. முதல் 33ஐ அவர் மூன்று மூச்சில் சொல்லுவார், மூச்சுக்கு பதினொன்று. ஐம்பது வருஷப் பழக்கம். மூன்றாவது மூச்சில் இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கும்போதே விரல் தடுப்பு மணியில் போய் இடித்தது. முதல் வேளையில் தன் மூச்சுதான் தப்போ என்று நினைத்திருக்கிறார். அடுத்த வேளையும் அப்படியே. அப்புறம் மணியை விட்டுவிட்டு விரல் கணுவில் சொல்லிப் பார்த்திருக்கிறார். விரலுக்கு மூன்று கணுவீதம் ஒரு கைக்கு 15, இரண்டு கைக்கு 30, மேலே மூன்று. அதில் சரியாக வந்தது. பிழை மாலையில்தான் என்று தெரிந்துகொண்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஒண்ணு குறைஞ்சதுக்காக நான் வரலை. அதை அல்லாஹ் பாத்துக்குவான். ரெண்டு நாளா நான் திக்ர் செய்யலப்பா, எண்ணிக்கிட்டு இருக்கேன். தடுப்பு எப்ப வருமோ எப்ப வருமோன்னு மனசு அங்கேயே போய் உக்காந்துக்குது."

திக்ர் என்றால் இறைவனை நினைப்பது. தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, நினைப்பதும் எண்ணுவதுதான். எண்ணும் எண்ணமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரண்டையும் நம் மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. மனதுக்கு இந்த இரண்டு எண்ணுதலையும் ஒரே நேரத்தில் செய்ய வராது. பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டே போகிறவனால் சொல்லின் பொருளை எண்ண முடியாது. ஆகவே கணக்கைத் தலையிலிருந்து இறக்கி விரலிடம் கொடுத்துவிடுகிறார்கள். மாலை என்பது அந்தக் கைமாற்றத்துக்கான கருவி. பாய் சொன்னதற்கு நான் புரிந்துகொண்ட பொருள் இது.

கோர்க்கிறவனுக்கு இதிலிருந்து நேராக ஒரு வேலை வருகிறது. மாலை விரலுக்குப் புரியவேண்டும், கண்ணுக்குப் புரியத் தேவையில்லை. இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, பாதித் தூக்கத்தில், காய்ச்சலில் படுத்திருக்கும்போது அது வேலை செய்யவேண்டும். மூன்று மாலையும் இதை மூன்று விதமாகச் செய்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோர்க்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

தஸ்பீஹை நெருக்கமாகக் கோர்க்கக் கூடாது. மணிகளுக்கு நடுவே முடிச்சும் கிடையாது. மொத்த நூலில் இரண்டு விரல்கடை அளவு வெறும் நூல் விட்டிருக்க வேண்டும். சொல்லி முடித்த மணி அந்த வெற்றிடத்தில் சறுக்கி, ஏற்கெனவே சொன்ன மணிகள்மேல் போய் விழும். 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சறுக்கலும் சத்தமும்தான் விரலுக்குக் கிடைக்கும் பதில். நூல் இறுக்கமாகிவிட்டால் மணி நகராது, கட்டைவிரல் தள்ளித் தள்ளி வலியெடுக்கும். ரொம்பத் தளர்ந்தால் இரண்டு மணி சேர்ந்து போய்விடும்.

உருத்திராட்சத்துக்கு நேர்மாறான முறை. மணிக்கு மணி முடிச்சு, பிரம்ம முடிச்சு என்போம். பழத்தின் கொட்டை அது, மேலெல்லாம் முள்முள்ளாக இருக்கும். முடிச்சு இல்லாவிட்டால் ஒன்றோடொன்று உரசி மேடெல்லாம் தேய்ந்துவிடும். முடிச்சு கொடுக்கும் இடைவெளியில்தான் விரல் ஒரு மணியைப் பிரித்தறிகிறது. கோர்க்கும்போது வாய்க்கு வாய், அடிக்கு அடி பார்த்துக் கோர்க்கவேண்டும். நடுவிரல்மேல் மாலை கிடக்கும், கட்டைவிரல் ஒவ்வொரு மணியாகத் தன்பக்கம் இழுக்கும். சுட்டுவிரல் படக்கூடாது. அகங்காரத்தின் விரல் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றும். கடையில் நாங்கள் மணி எண்ணுவது சுட்டுவிரலால்தான். ஒன்று, இரண்டு என்று தட்டித் தட்டிக் காட்டும் விரல் அது. கணக்குப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் ஜபத்தை ஆரம்பிக்கிறார்கள்.

செபமாலை பெரும்பாலும் கம்பி வேலை. ஒவ்வொரு மணிக்குள்ளும் தனிக் கம்பி, இரண்டு முனையிலும் வளையம், வளையத்தோடு வளையம் கோத்த சங்கிலி. மணி எங்கும் நகராது. விரல்தான் ஒரு மணியிலிருந்து அடுத்ததுக்கு நடக்கவேண்டும். சொல்லப்போனால் செபமாலையில் விரல் நடக்கிறது, தஸ்பீஹில் மணி நடக்கிறது, உருத்திராட்சத்தில் மாலையே சுற்றி வருகிறது.

பெயரில் மட்டும் கிறிஸ்தவர்களுடையதும் சைவர்களுடையதும் ஒன்று. ஜபமாலை என்ற அதே சொல்தான் மாதா கோயிலில் செபமாலை ஆகியிருக்கிறது. தஸ்பீஹ் என்ற பெயருக்கு வேறு வழி. அது முதலில் மாலையின் பெயரே இல்லை. இறைவன் தூயவன் என்று துதிக்கும் அந்தச் செயலுக்குத்தான் தஸ்பீஹ் என்று பெயர். துதியின் பெயர் மெல்ல மணிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாயின் பெரிய மகன் இதைப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு வாதாடுவார். நபிகள் நாயகம் (ஸல்) விரல்களால் எண்ணச் சொல்லியிருக்கிறார், மறுமையில் அந்த விரல்கள் பேசவைக்கப்படும், அப்புறம் மணி எதற்கு என்பார். மாலை பிற்காலத்தில் வந்ததுதான், அதில் பாய்க்கும் மறுப்பில்லை. "மணியை உருட்டுறதும் இதே விரல்தானடா, அதுவும் சாட்சி சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்.

அந்த மகன்தான் சில வருஷம் முன்னால் விரலில் மாட்டிக்கொள்ளும் சின்ன மின்னணுக் கருவி ஒன்றை அப்பாவுக்கு வாங்கித் தந்தார். பட்டனை அழுத்தினால் எண் ஒன்று ஏறும். இப்போது மூன்று மதத்துக்காரர்கள் கையிலும் அதைப் பார்க்கிறேன். பாய் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "இது எத்தனைன்னு சொல்லிக்கிட்டே இருக்குப்பா" என்றார். எனக்கு அது பெரிய பேச்சாகப் பட்டது. மாலை ஒருபோதும் எத்தனை என்று சொல்லாது. அறுபத்து மூன்றாவது மணி கையில் இருக்கும்போது அது அறுபத்து மூன்று என்று யாருக்கும் தெரியாது. ஆரம்பித்தாயிற்று, பாதை திரும்புகிறது, முடிந்துவிட்டது என்ற மூன்று செய்திதான் மாலைக்குச் சொல்லத் தெரியும். கருவியில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் ஒளிர்கிறது, கண் அங்கே போகிறது, தலை மறுபடி கணக்கெழுத உட்கார்ந்துவிடுகிறது. நபிக்கு வாழ்த்தாக நாளைக்கு ஆயிரம் ஸலவாத் என்று நியமம் வைத்திருப்பவருக்கு, பேருந்தில் போகிறவருக்கு அது உதவும்தான். பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு அழுத்தத் தெரிந்தால் இன்னும் நல்லது.

டீச்சர் ஒருவர் எலத்தகிரியிலிருந்து வருவார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. அவர் செபமாலை சொல்லும் விதத்தைக் கேட்ட பிறகுதான் விரலுக்கும் தலைக்கும் நடுவே வாய் என்று ஒன்று இருப்பது எனக்கு உறைத்தது. செபமாலையில் 59 மணி. 53 சின்னது, 6 பெரியது. சின்ன மணிக்கு அருள் நிறைந்த மரியே, பெரிய மணிக்கு விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே. அதனால்தான் அவர்கள் ஊரில் 53 மணி செபம் என்றே பெயர். சிலுவை தொங்கும் பகுதியில் மூன்று சின்ன மணி, வட்டத்தில் பத்துப் பத்தாக ஐந்து. பத்துக்கும் பத்துக்கும் நடுவே சங்கிலி நீளமாகப் போய் ஒரு பெரிய மணி. அந்த நீளச் சங்கிலிதான் விரலுக்குக் கைகாட்டி.

ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மரியா கதையிலிருந்து ஒரு தேவ ரகசியம் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் துயர ரகசியங்கள்: கெத்சமனி தோட்டத்தில் இரத்த வியர்வை, கற்றூணில் கட்டி அடித்தது, முள்முடி, சிலுவை சுமந்தது, உயிர் விட்டது. பத்து முறை அருள் நிறைந்த மரியே சொல்ல ஏறக்குறைய மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷமும் மனம் அந்தத் தோட்டத்தில் இருக்கவேண்டும். "வாய்க்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை. ரெண்டும் தானா நடக்கும். அப்பத்தான் மனசு கால் வீசி நடந்து அங்க போகும்" என்றார் டீச்சர். செபத்தின் வார்த்தையிலேயே மனதை வைக்கவேண்டாமா என்று கேட்டேன். சிலநாள் வார்த்தை வந்து பிடித்துக்கொள்ளும் என்றார். எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும் என்பதை ஒருநாளைக்கு 53 தடவை சொல்கிறார். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்த மாதத்தில் அந்த ஒரு வரி மட்டும் ஒவ்வொரு மணியிலும் நின்று நின்று வந்ததாம்.

ஏன் பத்து, ஏன் ஐந்து பத்து என்பதற்கும் காரணம் இருக்கிறது. சுற்றுக்கு ஐம்பதாக மூன்று சுற்று ரகசியங்களுக்கும் சேர்த்து 150. விவிலியத்தின் திருப்பாடல்களும் 150. ஐரோப்பாவின் மடங்களில் துறவிகள் அந்த 150 பாடல்களையும் இலத்தீனில் பாடிவந்தார்கள். படிக்கத் தெரியாத சகோதரர்கள் அதற்கு ஈடாக 150 முறை எங்கள் தந்தையே என்ற பரலோக மந்திரம் சொன்னார்கள். எண்ணுவதற்குக் கயிற்றில் மணி கோர்த்துக்கொண்டார்கள். பின்னால் மரியன்னை செபம் அந்த இடத்துக்கு வந்தது. எழுத்தறியாதவனுக்கு விரலே புத்தகமாக இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து செபமாலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் தெரியாத சகோதரர்கள் நினைவுதான். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் ஒளியின் ரகசியங்கள் ஐந்தைச் சேர்த்தபிறகு மொத்தம் 200 ஆகிவிட்டது. திருப்பாடல் கணக்கோடு இப்போது ஒட்டாது. டீச்சர் வியாழக்கிழமைகளில் அதையும் சொல்கிறார். அவர் அம்மா கடைசிவரை பழைய மூன்றோடு நின்றுகொண்டார்.

இனி காவேரிப்பட்டினம் ஐயா. எண்ணிக்கை எங்கே கெட்டுப்போகிறது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவரைவிடத் தெளிவாக யாரிடமும் நான் கேட்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஐந்தெழுத்தை ஐந்து லட்சம் உரு ஏற்றுவதாகச் சங்கல்பம் செய்துகொண்டார். எழுத்துக்கு ஒரு லட்சம் என்பது பழைய கணக்கு. உருவேறத் திருவேறும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

மாலையில் 108 மணி, அதற்கு மேலே மேரு என்று ஒரு பெரிய மணி. 108 சொன்னாலும் ஒரு மாலையை நூறு என்றுதான் கணக்கில் சேர்க்கவேண்டும். மிச்ச எட்டும் தூக்கத்துக்கும் கொட்டாவிக்கும் உச்சரிப்புப் பிழைக்கும். இப்படிப் பிழைக்கென்று முன்கூட்டியே இடம்விட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐந்து லட்சத்துக்கு 5000 மாலை. நாளைக்குப் பத்து என்றால் 500 நாள். ஒரு மாலைக்கு நான்கு நிமிஷம், பத்துக்கு நாற்பது. ஊதுபத்தி ஒன்று ஏற்றினால் அது அணையும்போது பத்தாவது மாலை முடியும்படி ஐயாவுக்கு அமைந்துவிட்டது. கணக்கு நோட்டில் தினமும் 10 என்று எழுதிவந்தார். மூன்று மாதம், 90 நாள், 900 மாலை.

அதற்கப்புறம் வேகம் வந்துவிட்டது. அதே நாற்பது நிமிஷத்தில் பதினொன்று, பன்னிரண்டு, பிறகு 14இல் நிலைத்தது. அவருக்கு மகிழ்ச்சி. நாக்கு பழகிவிட்டது, உரு ஏறுகிறது என்று நினைத்தார். 14 வீதம் போனால் 500 நாளெல்லாம் வேண்டாம், நூறு நாளுக்குமேல் மிச்சம் என்று நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்திருக்கிறார். ஐம்பது நாள் இப்படிப் போயிற்று.

ஒருநாள் காலை பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு மட்டும் அசையும் ஜபம் அவருடையது. பக்கத்தில் இருந்தால் லேசாகக் கேட்கும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தாத்தா, மசுவான்னா யாரு?" என்று கேட்டாள்.

ஐயா அன்று மாலையைக் கீழே வைத்துவிட்டார். இதை எங்களிடம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பிறகு நிதானமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார். பத்து மாலை நாற்பது நிமிஷம் என்றால் ஒரு நமசிவாயத்துக்கு இரண்டு வினாடிக்குச் சற்று மேலே. பதினான்கு என்றால் ஒன்றரை வினாடி. அந்த அரை வினாடியில்தான் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் விழுந்துபோயிருக்கின்றன. எட்டு மணி மன்னிப்பு இதற்குப் போதாது. அந்த ஐம்பது நாளில் 700 மாலை. அத்தனையையும் நோட்டில் குறுக்கே கோடு போட்டு அடித்தார். 900க்குத் திரும்பிப் போய், பத்துப் பத்தாக மீண்டும் ஆரம்பித்தார். 4100 மாலை, 410 நாள்.

அவர் எங்களிடம் வந்தது கோடு போட்ட அந்த வாரத்தில்தான். இரண்டு வருஷம் தாங்கவேண்டிய பட்டு நூல் ஐந்து மாதத்தில் நீண்டு இளைத்திருந்தது. முடிச்சுகள் நெகிழ்ந்து இரண்டு இடத்தில் மணியோடு மணி ஒட்டிக்கிடந்தது. அப்பா மாலையைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "ரொம்ப இழுத்திருக்கீங்களே ஐயா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஐயா உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னார்.

அவரிடம்தான் மேருவின் உபயோகத்தையும் கேட்டேன். மேருவைத் தாண்டக் கூடாது, அங்கே போய்ச் சேர்ந்ததும் மாலையைத் திருப்பி வந்த வழியே போகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. மலையைத் தாண்டுவது குருவை மதிக்காதது என்று காரணம் சொல்வார்கள். ஐயா அதை மறுக்கவில்லை. ஆனால் கைக்கு அது என்ன செய்கிறது என்பதைச் சொன்னார். மணியை இழுப்பது தூக்கத்திலும் நடக்கும். மாலையைத் திருப்புவது தூக்கத்தில் நடக்காது, அதற்கு மனிதன் கொஞ்சம் விழித்தாகவேண்டும். நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு தட்டு. சிலநாள் அவர் மேருவைத் தாண்டி இரண்டு மூன்று மணி போயிருப்பதைக் கண்டுபிடிப்பார். அப்படியென்றால் அந்த மாலை முழுக்க ஆள் இல்லை. அதை எழுதமாட்டார். இதைக் கேட்ட நாளிலிருந்து மேரு மணியை நான் மற்றவற்றைவிட நன்றாகப் பெரிதாகவே தேர்ந்தெடுக்கிறேன், குஞ்சத்தையும் அடர்த்தியாக வைக்கிறேன். அழகுக்குச் சின்ன மேரு கேட்கிறவர்களிடம் மறுத்துப் பேசவும் செய்கிறேன்.

உருத்திராட்சம் அசலா என்று கேட்டு வருகிறவர்கள்தான் என் கடையில் அதிகம். தண்ணீரில் போட்டு மூழ்கினால் அசல் என்று ஒரு பேச்சு ஊரில் ஓடுகிறது. நன்றாகக் காயாத போலியும் மூழ்கும், உலர்ந்த அசலும் மிதக்கும். குறுக்கே அறுத்தால் முகத்துக்கு ஒன்றாக உள்ளே அறை இருக்கும், அது ஓரளவு நம்பகமான சோதனை. ஆனால் அறுத்த மணியை வைத்து என்ன செய்வது? எளிதாகக் கிடைக்கும் ஐந்து முகத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். அதில் ஏமாற்ற யாருக்கும் பெரிய லாபமில்லை.

ஐயாவுடைய கதையை ஒருநாள் பாயிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு ஹதீஸைச் சொன்னார், சஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வருவது. நபிகளின் துணைவியார் ஜுவைரியா (ரலி) அதிகாலைத் தொழுகை முடிந்து தொழுத இடத்திலேயே உட்கார்ந்து துதித்துக்கொண்டிருக்கிறார். நபிகள் வெளியே போய் வெயில் ஏறியபின் திரும்பி வருகிறார். அவர் இன்னும் அதே இடத்தில். உன்னை விட்டுப்போன பிறகு நான் நான்கு வாக்கியத்தை மூன்று முறை சொன்னேன், நீ காலையிலிருந்து சொன்னதோடு நிறுத்துப் பார்த்தால் அதுவே கனக்கும் என்கிறார். படைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கு, அவன் திருப்தி அளவுக்கு, அவன் அரியணையின் எடை அளவுக்கு, அவன் சொற்களை எழுதும் மையின் அளவுக்கு அவனைத் துதிக்கிறேன் என்பது அந்த வாக்கியங்களின் பொருள். "படைப்போட எண்ணிக்கை அளவுக்குன்னு சொன்னப்புறம் எதை வெச்சு எண்ணுவ?" என்றார் பாய். அவர் குரலில் அப்போது ஒரு சின்னப் பையனின் வியப்பு இருந்தது.

ஆனாலும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஃபாத்திமா நாயகி (ரலி) கதையைச் சொன்னார். மாவு அரைத்து அரைத்துக் கை காய்த்துப்போய், தந்தையிடம் ஒரு பணியாள் கேட்டுப் போகிறார். பணியாளைவிட மேலானது ஒன்றைச் சொல்லித் தருகிறேன் என்று, படுக்கும்போது 33, 33, 34 சொல்லச் சொல்கிறார் நபிகள். நாள் முழுக்க வேலை செய்து களைத்த ஒரு பெண்ணுக்கு எல்லையில்லாத ஒன்றைச் சொன்னால் அவள் ஆரம்பிக்கவே மாட்டாள், நூறு என்றால் முடித்துவிட்டுத் தூங்குவாள் என்பது பாய் எடுத்துக்கொண்ட பொருள். எண்ணிக்கை முடியும் இடத்தைக் காட்டுகிறது. முடிவு தெரிந்தால்தான் மனது இன்னும் எவ்வளவு என்று கேட்பதை விடுகிறது. என் அனுபவமும் அதுதான். அப்பா போனபிறகு 27 மணியில் ஒரு சின்ன மாலை எனக்கென்று கோர்த்துக்கொண்டேன். நான்கு சுற்று, 108. எண்ணாமல் மனம்போனபடி சொல்லிப் பார்த்த நாட்களில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கண் கடிகாரத்துக்குப் போனது. மாலை வந்தபிறகு போவதில்லை.

மற்றவர்கள் மாலையை நான் சரிபார்ப்பது வேறு மாதிரி. சுட்டுவிரலால் தட்டித் தட்டி, வாய்விட்டு, பத்துப் பத்தாக. அது முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்ப்பேன். அப்போது மட்டும் எதுவும் சொல்லமாட்டேன். அவர்கள் சொல்லவேண்டியதை அவர்கள் மாலையில் நாம் சொல்லக்கூடாது என்பது அப்பா வைத்த பழக்கம்.

இந்த வாரம் டீச்சரின் செபமாலை மேசையில் இருக்கிறது. நீலக் கண்ணாடி மணி, அவர் அம்மாவுடையது. நான்காவது பத்தில் ஒரு மணி உடைந்துவிட்டது. அந்த நீலம் இப்போது எங்கேயும் கிடைக்கவில்லை. பெங்களூரில் சொல்லிவைத்துப் பார்த்துவிட்டேன். வேறு நீலம் ஒன்று கிடைத்தது, ஆனால் ஒரு மில்லிமீட்டர் பெரியது. வெள்ளையில் அளவு சரியாக ஒன்று இருக்கிறது. எதைப் போடட்டும் என்று போனில் கேட்டேன்.

"வெள்ளையே போடுப்பா. விரலுக்கு நிறமா தெரியப்போகுது" என்றார்.

மூக்குக் குறடால் வளையத்தைத் திறந்து வெள்ளையைக் கோத்து மூடியாயிற்று. கம்பி முனை விரலைக் கீறாமல் உள்பக்கம் மடித்திருக்கிறேன். கண்ணை மூடி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், எந்த மணி புதியது என்று பிடிபடவில்லை. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.